எண்பது விழுக்காடு முடிந்த திட்டம்: நிலை அறிக்கையை மதிப்பிடும் முறை

திட்டப் பணி எங்கோ ஓர் ஆற்றங்கரையில் நடக்கிறது. அதைப் பற்றிய முடிவுகள் தலைமையகத்தில் ஒரு மேசையின் மீது எடுக்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒரே பாலம், திட்ட மேலாளர் மாதந்தோறும் அனுப்பும் நிலை அறிக்கை. அவ்வறிக்கையைப் பெறும் அலுவலர் பெரும்பாலும் பணியிடத்தை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பார்க்க இயலாதவர். எனவே, பணியை மதிப்பிடுவதற்கு முன் அறிக்கையையே மதிப்பிட அவர் அறிந்திருக்க வேண்டும்.

இது ஒரு நாட்டளாவிய சிக்கல் என்பதற்கு அரசின் வெளியீடுகளிலேயே சான்று உண்டு. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்தியத் துறைத் திட்டங்களைப் புள்ளியியல் மற்றும் திட்டச் செயலாக்க அமைச்சகம் கண்காணித்து வந்துள்ளது. அதன் அறிக்கைகளில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற ஒரு குறிப்பு கவனத்துக்குரியது. பல திட்டங்களின் அலுவலர்கள் திருத்திய மதிப்பீட்டையும் திருத்திய நிறைவுத் தேதியையும் தெரிவிப்பதில்லை. ஆதலால் வெளியிடப்படும் காலதாமதமும் செலவு மிகையும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதே அக்குறிப்பு. அதாவது, தாமதம் நேர்கிறது என்பது ஒரு செய்தி. தாமதம் தெரிவிக்கப்படுவதில்லை என்பது வேறொரு செய்தி. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

ஒரு மாதிரி அறிக்கை

ஆராய்ச்சிக்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். 160 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஆற்றில் நீரெடுப்புக் கிணறு, ஒரு சுத்திகரிப்பு நிலையம், 60 கிலோமீட்டர் பிரதான குழாய், 24 மேல்நிலைத் தொட்டிகள், உயரழுத்த மின் இணைப்பு ஆகியவை அதன் உறுப்புகள். பணி தொடங்கி 30 மாதங்களில் முடிய வேண்டும் என்பது முதல் ஒப்புதல். 38ஆம் மாத இறுதியில், அதாவது ஜூன் மாதத்தில், மேலாளரிடமிருந்து இவ்வாறு ஓர் அறிக்கை வருகிறது:

"ஒட்டுமொத்த முன்னேற்றம் 80 விழுக்காடு. குழாய்கள் முழுமையாகக் கொள்முதல் செய்யப்பட்டுவிட்டன. 54 கிலோமீட்டர் பதிக்கப்பட்டுவிட்டது. இருப்புப் பாதைக் கடவுக்கு ரயில்வே அனுமதி பெற நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. சிறு இடையூறுகள் தவிரக் குறிப்பிடத்தக்க சிக்கல் ஏதுமில்லை. திருத்திய அட்டவணைப்படி 42ஆம் மாத இறுதியில் பணி நிறைவுறும்."

இவ்வறிக்கையில் பொய் என்று சுட்டத்தக்க சொல் ஒன்றும் இல்லை. எண்கள் பதிவேடுகளோடு ஒத்துப்போகும், தணிக்கைக்கு நிற்கும். ஆயினும் இதைப் படித்து முடித்த அலுவலர் அக்டோபரில் குடிநீர் வரும் என்று நம்பினால் அவர் ஏமாந்தவர் ஆவார். எப்படி என்பதை ஒவ்வொரு வாக்கியமாகப் பார்க்கலாம்.

எண்பது என்பது எதில் எண்பது?

தெளிவு என்பது எளிய நடையோ, அழகிய அட்டவணையோ அன்று. அறிக்கையில் கூறப்பட்ட எண் எதை அளக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும், அதுவே தெளிவு. மேற்கண்ட 80 விழுக்காடு செலவின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது. கிணற்றுக்கு ஒதுக்கிய 16 கோடியில் பாதி வேலை, அதாவது 8 கோடி, முடிந்துள்ளது. சுத்திகரிப்பு நிலையத்துக்கான 32 கோடியில் 24 கோடி. குழாய் வாங்குவதற்கான 60 கோடி முழுவதும். குழாய் பதிப்பதற்கான 20 கோடியில் 18 கோடி. தொட்டிகளுக்கான 24 கோடியில் 18 கோடி. மின் இணைப்புக்கான 8 கோடியில் ஒன்றுமில்லை. கூட்டினால் 128 கோடி. 160 கோடியில் அது சரியாக 80 விழுக்காடு.

இத்தொகையில் ஏறத்தாழப் பாதி, வாங்கி அடுக்கப்பட்ட குழாய்களின் விலை. கொள்முதல் ஆணையில் கையெழுத்திட்டுப் பொருளைப் பெற்றவுடன் முன்னேற்றம் ஒரேயடியாக 37 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பொருள் விலையை நீக்கி வேலையை மட்டும் கணக்கிட்டால், 100 கோடி மதிப்புள்ள வேலையில் 68 கோடி மதிப்புள்ள வேலையே முடிந்திருக்கிறது. 80க்கும் 68க்கும் உள்ள வேறுபாட்டைவிட முக்கியமானது, இந்த 68உம் முழு உண்மையைக் கூறவில்லை என்பதே. கிணறு இல்லாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீர் வராது. மின்சாரம் இல்லாமல் கிணற்று நீர் மேலேறாது. 60 கிலோமீட்டர் குழாயில் நடுவே ஓர் இடைவெளி இருந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு 54 கிலோமீட்டர் பதித்தும் பயனில்லை. முடிந்த பகுதிகளின் கூட்டுத்தொகை ஒன்று. பயன் தரும் நிலை மற்றொன்று.

அளவுகோல் எவ்வளவு தூரம் தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்பதற்கு உதம்பூர் - ஸ்ரீநகர் - பாரமுல்லா ரயில் பாதை நல்லதொரு எடுத்துக்காட்டு. 272 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 2002இல் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கினுள் அமைந்த காசிகுண்ட் - பாரமுல்லா பகுதி, 118 கிலோமீட்டர், 2009க்குள் திறக்கப்பட்டது. பனிஹால் - காசிகுண்ட், 18 கிலோமீட்டர், 2013இல். உதம்பூர் - கட்ரா, 25 கிலோமீட்டர், 2014இல். ஆக, 2014ஆம் ஆண்டின் நடுவில் 161 கிலோமீட்டர் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நீளத்தில் அது 59 விழுக்காடு. எஞ்சிய 111 கிலோமீட்டர் எப்போது முடிந்தது? பனிஹால் - சங்கல்தான் 2024 பிப்ரவரியில். சங்கல்தான் - கட்ரா 2025 ஜூனில். ஐந்தில் இரண்டு பங்கு நீளத்துக்குப் பதினோரு ஆண்டுகள். பாதையின் பெரும்பாலான சுரங்க வழிகளும், செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த வளைவுப் பாலமும் அந்த நடுப்பகுதியிலேயே இருந்தன. சமதளத்துக் கிலோமீட்டரும் இமயமலைக் கிலோமீட்டரும் காகிதத்தில் ஒன்றே, பணியில் அல்ல. இவ்விவரங்கள் யாவும் வெளிப்படையாகத் தெரிந்தவை. இங்கு எவரும் எதையும் மறைத்ததாகக் கூறுவதற்கில்லை. ஆனால் கிலோமீட்டர் விழுக்காட்டை மட்டும் பார்த்த ஒருவர் 2014இல் பணி பாதியைத் தாண்டிவிட்டது என்று கருதியிருப்பார். பிற பகுதிகளுடன் நேரடி ரயில் இணைப்பை எதிர்பார்த்த பள்ளத்தாக்கு மக்களுக்கோ அன்றைய நிலை, இணைப்பு இல்லை என்பதே.

ஆகவே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி: எஞ்சியிருப்பது எது? மாதிரித் திட்டத்தில் பதிக்கப்படாத 6 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே தள்ளிப்போன எளிய வேலையா, அல்லது ஒப்பந்தக்காரர் தொட முடியாமல் விட்டுவைத்த இருப்புப் பாதைக் கடவும் அதன் இருபுறத்துப் பகுதிகளுமா? அறிக்கை இதைச் சொல்லவில்லை. வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தால் இரண்டாவதே உண்மை என்று தெரிகிறது. எளிதானதை முதலில் முடிப்பது ஒப்பந்தக்காரரின் இயல்பு, அதில் குற்றமில்லை. எஞ்சியது அரிதானது என்பதை அறிக்கை மறைத்தால்தான் குற்றம்.

தாமதத்தை எந்தத் தேதியிலிருந்து அளப்பது?

"திருத்திய அட்டவணைப்படி" என்ற சொற்றொடர் மாதிரி அறிக்கையில் மிகுந்த வேலை செய்கிறது. 30ஆம் மாதம் என்ற முதல் தேதி ஒருமுறை 36 என்றும், மறுமுறை 42 என்றும் நீட்டிக்கப்பட்டது. 42ஐ அடிப்படையாகக் கொண்டால் தாமதம் சுழி. 30ஐ அடிப்படையாகக் கொண்டால் இன்றைக்கே எட்டு மாதத் தாமதம். வாக்களித்தபடி முடிந்தாலும் பன்னிரண்டு மாதம். மேலே குறிப்பிட்ட அமைச்சக அறிக்கைகளும் இவ்வேறுபாட்டைக் காட்டி வந்துள்ளன: முதல் அட்டவணைப்படி தாமதமான திட்டங்களின் எண்ணிக்கை ஒன்று, இறுதியாகத் திருத்திய அட்டவணைப்படி அவ்வெண்ணிக்கை அதைவிடக் குறைவு.

அட்டவணையைத் திருத்துவது தவறன்று. சூழ்நிலை மாறிய பின்னும் பழைய தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அன்றாட மேற்பார்வைக்கு அது உதவாது. ஆனால் புதிய தேதி பழையதை அழித்துவிடக் கூடாது. முதல் தேதி, கடைசியாக ஒப்புதல் பெற்ற தேதி, இன்றைய எதிர்பார்ப்புத் தேதி என மூன்றும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவதைத் தனியே கேட்பது இன்றியமையாதது. ஒப்புதல் பெற்ற தேதி ஓர் ஆணை. எதிர்பார்ப்புத் தேதி ஒரு கணிப்பு. ஆணையைக் கணிப்பாக எழுதுவதே பெரும்பாலான நிலை அறிக்கைகளின் நோய்.

வாக்களித்த தேதி நம்பத்தக்கதா என்பதைச் சோதிக்கக் கடினமான கணக்கு தேவையில்லை. கடந்த நான்கு மாத அறிக்கைகளை எடுத்து அடுக்கினால் முன்னேற்றம் 77, 78, 79, 80 விழுக்காடு என்று காணப்படுகிறது. மாதத்துக்கு ஒன்று. எஞ்சிய 20 விழுக்காட்டை நான்கு மாதங்களில் முடிக்க வேண்டுமானால் மாதத்துக்கு ஐந்து வேண்டும். வேகம் ஐந்து மடங்காகப் பெருக என்ன மாறிவிட்டது? புதிய ஒப்பந்தக்காரரா, கூடுதல் இயந்திரங்களா, நீங்கிய தடையா? அறிக்கையில் அப்படி எதுவும் இல்லையெனில் 42 என்ற எண் கணக்கிலிருந்து வந்ததன்று. மேலிடத்தின் விருப்பத்திலிருந்து வந்தது. இதே வேகத்தில் 58ஆம் மாதம் வரை ஆகும் என்று உடனே முடிவு கட்டுவதும் பிழையே. இந்தக் கணக்கு சந்தேகத்தை எழுப்பும், விடையைத் தராது. விடைக்கு, எஞ்சிய பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.

அறிக்கை சொல்லாமல் விட்ட கிணறு

முதலில் குழாய்ப் பணியின் வரிசை. இருப்புப் பாதைக்கு அடியில் குழாயை எடுத்துச் செல்ல, மண்ணுக்குள் ஓர் உறைக் குழாயைத் துளைத்துச் செலுத்தி, அதனுள் நீர்க் குழாயைப் பொருத்துவர். ரயில் போக்குவரத்து நிற்கக் கூடாதாகையால் வரைபடம், மேற்பார்வைக் கட்டணம், வேகக் கட்டுப்பாடு ஆகிய யாவும் ரயில்வேயின் இசைவோடுதான் நடக்க வேண்டும். மாதிரித் திட்டத்தில் அனுமதிக்கு மூன்று மாதம், துளைத்தலுக்கு இரண்டு மாதம், இருபுறமும் இணைத்து நீரழுத்தச் சோதனை செய்ய ஒரு மாதம் என்று கொண்டால், பிரதான குழாய் 44ஆம் மாத இறுதியில், டிசம்பரில், தயாராகும்.

அடுத்து நீரெடுப்புக் கிணறு. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. செலவில் பத்தில் ஒரு பங்கே ஆனதால் எவர் கண்ணிலும் படாதது. பாதி முடிந்துள்ளது என்பது நமக்குத் தெரியும். கிணற்றுச் சுவரை மேலே கட்டிக்கொண்டே, உள்ளிருந்து மணலை அகற்றி, அதை ஆற்றுப்படுகைக்குள் இறக்கும் வேலை இது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகியபின் இவ்வேலை நடவாது. அறிக்கை வந்தது ஜூன் இறுதியில். ஜூலை முதல் அக்டோபர் வரை, 42ஆம் மாதம் முடிய, கிணற்றில் ஒன்றும் செய்ய இயலாது. நவம்பரில் தொடங்கி நான்கு மாதத்தில் இறக்கி முடித்தால் 46ஆம் மாத இறுதி, அது பிப்ரவரி. அதன்பின் இறைப்பிகளைப் பொருத்தி வெள்ளோட்டம் பார்க்க இரண்டு மாதம். ஆக, 48ஆம் மாத இறுதி, ஏப்ரல். நான்கு மாதத்தில் முடியும் என்று எழுதப்பட்ட அன்றே, எல்லாம் நல்லபடி நடந்தாலும் பத்து மாதத்துக்கு முன் முடிய வழியில்லை என்பது நாட்காட்டியைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கக்கூடியது.

இங்கே ஒரு செய்தி வெளிப்படுகிறது. மறுஆய்வுக் கூட்டங்களில் எல்லோரும் விவாதித்துக்கொண்டிருப்பது ரயில்வே அனுமதியைப் பற்றி. ஆனால் குழாய் டிசம்பரில் தயாராகும், கிணறு பிப்ரவரியில்தான். திட்டத்தின் நிறைவுத் தேதியை இப்போது நிர்ணயிப்பது ரயில்வே அன்று, கிணறு. வெளித்துறை மீது பழி சுமத்தக்கூடிய இடையூறு அறிக்கையில் இடம்பெறுகிறது. சொந்தப் பணியில் கோடைக்காலம் ஒன்றை வீணாக்கிய செய்தி இடம்பெறுவதில்லை. இது அரிதான நிகழ்ச்சியன்று.

இடர்களைக் கூறும் நேர்மை

நேர்ந்துவிட்ட இடையூறும் நேரக்கூடிய இடரும் வேறு வேறு. முதலாவதை மறைப்பது கடினம்; இரண்டாவதை மறைக்கக்கூட வேண்டியதில்லை, எழுதாமல் விட்டாலே போதும். எனவே இடர்ப் பகுதியில்தான் ஓர் அறிக்கையின் நேர்மை வெளிப்படும்.

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யார் எடுக்கிறார், எப்போது முடிப்பார், முடியாவிட்டால் என்ன ஆகும் ஆகிய மூன்றில் ஒன்றுக்கும் இதில் விடை இல்லை. இதைச் சோதிக்க எளிய வழி, முந்தைய மாத அறிக்கைகளோடு ஒப்பிடுவது. அதே சொற்கள் எழுத்து மாறாமல் ஐந்து அறிக்கைகளில் இருந்தால் ஐந்து மாதமாக எதுவும் நடக்கவில்லை என்றே பொருள். அடுத்து, கோப்பைக் கேட்பது. மாதிரித் திட்டத்தின் கோப்பில், ரயில்வே கோட்ட அலுவலகம் திருத்திய வரைபடமும் மேற்பார்வைக் கட்டணமும் கோரி அனுப்பிய கடிதம் ஐந்து மாதமாகத் திட்ட அலுவலகத்திலேயே பதிலின்றிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ரயில்வே அனுமதி நிலுவையில் உள்ளது" என்பது அப்போதும் உண்மையே. நிலுவை யாரிடம் என்பதுதான் மறைந்துபோகிறது.

இடரை நேர்மையாக எழுதுவது எப்படியிருக்கும்? "திருத்திய வரைபடம் ஜூலை 15க்குள் அனுப்பப்படும், அதன் பொறுப்பு செயற்பொறியாளருடையது. செப்டம்பர் இறுதிக்குள் அனுமதி எதிர்பார்க்கப்படுகிறது. நவம்பர் இறுதி வரை தாமதித்தாலும் நிறைவுத் தேதி மாறாது, ஏனெனில் கிணறு பிப்ரவரியில்தான் முடியும். நவம்பருக்குப் பின் ஒவ்வொரு மாதத் தாமதமும் நிறைவை ஒரு மாதம் தள்ளும்." இதில் அச்சுறுத்தலும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனால் தலைமையகத்து அலுவலர் ரயில்வேக்கு எப்போது எழுத வேண்டும், எப்போது எழுதத் தேவையில்லை என்பது தெரிந்துவிடுகிறது. கிணற்றைப் பற்றியும் இதே போன்று: "நவம்பரில் ஆற்றின் நீர்மட்டம் தணியாவிட்டாலோ, இறக்கும்போது பாறை தட்டுப்பட்டாலோ நான்கு மாதம் போதாது, மார்ச்சுக்குள் முடியாத பணி அடுத்த பருவமழைக்கு முன் முடிவதும் ஐயமே." இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தால் ஆற்றுப்படுகையின் மண் ஆய்வு அறிக்கையை உடனே கேட்கத் தோன்றும். மழைக்காலத்திலேயே செய்யக்கூடிய வேலை அது.

இடர்களை மிகுதியாக எழுதும் மேலாளரும் உண்டு. நிலநடுக்கம், விலையேற்றம், தொழிலாளர் பற்றாக்குறை என இருபது இடர்களை அட்டவணையிட்டு அனுப்புவார். பின்னாளில் எது நேர்ந்தாலும் "முன்பே தெரிவித்தேன்" என்று காட்டத்தக்க ஒரு காப்பு அது. நிறைவுத் தேதியை உண்மையிலேயே அசைக்கக்கூடிய இரண்டோ மூன்றோ இடர்கள் அந்தக் கூட்டத்தில் காணாமற்போகும். இதுவும் மறைத்தலின் ஒரு வகையே.

மதிப்பெண் இடுவதில் உள்ள எச்சரிக்கை

பயிற்சி வகுப்புகளில் இத்தகைய அறிக்கையைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் நடைக்கும் அமைப்புக்கும் நல்ல மதிப்பெண் இட்டுவிடுகின்றனர். மாதிரி அறிக்கை சுருக்கமானது, எண்கள் உடையது, பிழையற்றது. தெளிவுக்கு அதற்குப் பாதிக்கு மேல் தர இயலாது. எஞ்சிய பணி எது என்று கூறவில்லை. தாமதத்தைத் தெரிவிப்பதில் மிகக் குறைவு; முதல் தேதியே இல்லை, கணிப்பும் இல்லை. இடர்களில் ஒன்றுமில்லை என்றே கொள்ளலாம். நல்ல அறிக்கைக்கும் நல்ல செய்திக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. "ஏப்ரலுக்கு முன் முடியாது" என்று காரணத்தோடு எழுதிய அறிக்கை கெட்ட செய்தியைத் தாங்கிய நல்ல அறிக்கை. அதற்கு உயர்ந்த மதிப்பெண்ணும், பணியின் நிலைக்குத் தாழ்ந்த மதிப்பெண்ணும் தனித்தனியே இட வேண்டும்.

நடைமுறையில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. ஏப்ரல் என்று எழுதிய மேலாளருக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை உடனே செல்கிறது. அக்டோபர் என்று எழுதியவருக்கு அக்டோபர் வரை ஒன்றும் செல்வதில்லை, அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருக்கவும் கூடும். மேலாளர்கள் இதை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். ஆதலால், விளக்கம் கோர வேண்டிய இடம் எது என்பதில் மறுஆய்வு அலுவலர் தெளிவாக இருக்க வேண்டும். சென்ற மாதக் கணிப்புக்கும் இம்மாதக் கணிப்புக்கும் இடையே தேதி நகர்ந்திருந்தால், அந்த நகர்வுக்குக் காரணமான நிகழ்ச்சி எப்போது தெரியவந்தது என்று கேட்கலாம். பருவமழை ஜூலையில் வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும். ஆகவே கிணறு முடியாது என்பதை ஜூனில்கூடத் தெரிவிக்காதது விளக்கம் கோரத்தக்கது. பாறை தட்டுப்பட்டதை அந்த மாதமே தெரிவித்தவரிடம் அவ்வாறு கோருவதற்கு இடமில்லை.

மாதிரித் திட்டத்தின் அறிக்கையைத் திருப்பி அனுப்பும்போது அலுவலர் எழுத வேண்டிய குறிப்பு நீளமானதன்று. மூன்று தேதிகளையும் ஒரே வரிசையில் தருக. எஞ்சிய 6 கிலோமீட்டரையும் கிணற்றையும் மின் இணைப்பையும் தனித்தனியே, மாதக் கணக்கோடு காட்டுக. ரயில்வேக் கடிதத்தின் நாளையும் பதில் அனுப்பும் நாளையும் குறிப்பிடுக. ஜூலை அறிக்கையில் 42 என்ற எண் 48 ஆக மாறி வந்தால், அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் நிதிப் பிரிவினர். அக்டோபரில் திட்டம் முடியும் என்ற கணக்கில், பழைய ஆழ்துளைக் கிணறுகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் அடுத்த கோடைக்கு அவர்கள் ஒதுக்கீடு செய்யாமல் இருக்கக்கூடும்.